63 சதவீதம், எதில் 63 சதவீதம்?

ஒன்பது வோல்ட் பேட்டரி, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 47 கிலோஓம் மின்தடை, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். இவ்வளவு போதும். மின்தடையையும் மின்தேக்கியையும் தொடராகக் கோத்து பேட்டரியில் மாட்ட வேண்டும். மின்தேக்கியின் உடலில் ஒரு வெளிர்ப்பட்டை ஓடும். அந்தப் பக்கத்துக் கால்தான் எதிர்முனை. அதை மாற்றி மாட்டினால் மின்தேக்கி சூடேறிக் கெட்டுவிடும், சில நேரம் வெடிக்கவும் செய்யும்.

மீட்டரை மின்தேக்கியின் இரு கால்களிலும் வைத்துக்கொண்டு இணைப்பைக் கொடுத்தால், எண் முதலில் விறுவிறுவென்று ஏறும். முதல் 10 விநாடியில் சுமார் 1.7 வோல்ட் வந்துவிடும். 90-ஆவது விநாடியிலிருந்து 100-ஆவது விநாடி வரை பார்த்தால் கால் வோல்ட்தான் ஏறியிருக்கும். பேட்டரி களைத்துவிடவில்லை. மின்தடை வழியாக எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைப் பேட்டரிக்கும் மின்தேக்கிக்கும் இடையே உள்ள வோல்ட் வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. தொடக்கத்தில் வித்தியாசம் 9 வோல்ட். மின்தேக்கி 6 வோல்ட்டை எட்டியதும் மிச்சம் 3 வோல்ட்தான், ஆகவே மின்னோட்டமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நிறைய நிறைய நிறைவதன் வேகம் குறைகிறது.

இதை விளக்க, அடியில் குழாய் திறந்துவிட்ட தண்ணீர்த் தொட்டியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொட்டியில் நீர்மட்டம் பாதியானால் வெளியேறும் வேகம் பாதியாவதில்லை, சுமார் 70 சதவீதமாகத்தான் குறைகிறது. அதனால் தொட்டி ஒரு நேரத்தில் காலியாகியே தீரும். மின்தேக்கியில் மிச்சம் பாதியானால் வேகமும் சரிபாதியாகிறது. அதனால்தான் கணக்குப்படி அது முழுவதும் நிறைவதுமில்லை, முழுவதும் காலியாவதுமில்லை.

மின்தடையின் மதிப்பை மின்தேக்கியின் மதிப்பால் பெருக்கினால் வருவது காலமாறிலி. இங்கே 47,000 ஓம், 0.001 ஃபாரட், பெருக்கினால் 47 விநாடி. முதல் கணத்து வேகம் குறையாமலே இருந்திருந்தால் 47 விநாடியில் மின்தேக்கி நிறைந்திருக்கும். வேகம் குறைவதால் அந்த நேரத்தில் 63 சதவீதம்தான் எட்டுகிறது, அதாவது 5.69 வோல்ட். அடுத்த 47 விநாடியில், மிச்சமிருக்கும் 3.31 வோல்ட்டில் 63 சதவீதம் சேர்ந்து 7.78 ஆகிறது. அதற்கடுத்த 47 விநாடியில் 8.55. ஐந்து காலமாறிலி கடந்தால் 8.94 வோல்ட், நடைமுறையில் அதை நிறைந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்தடையை மின்தேக்கியின் இரு கால்களுக்கும் குறுக்கே இணைத்தால் மின்னிறக்கம் தொடங்கும். 9 வோல்ட்டிலிருந்து புறப்பட்டால் 47 விநாடியில் 3.31, 94 விநாடியில் 1.22, 141 விநாடியில் 0.45. சூத்திரமாக எழுதினால் V = 9 × e^(−t/RC).

பத்து விநாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வரைபடம் போடுங்கள். அதிலிருந்து காலமாறிலியைக் கண்டுபிடிக்க 3.31 வோல்ட்டைத் தேடுவதுதான் பாடப்புத்தக வழி. எனக்குப் பிடித்தது அரைமதிப்பு வழி. இந்த வளைவில் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும், பாதியாக இறங்க ஆகும் நேரம் ஒன்றுதான். 8-லிருந்து 4-க்கு வர எவ்வளவு நேரமோ, அதே நேரம்தான் 3-லிருந்து ஒன்றரைக்கு வரவும் ஆகும். தொடக்கத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தக் கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கவலையில்லை. இரண்டு மூன்று இடங்களில் அளந்து, எல்லாம் ஒத்துவந்தால் அது அடுக்குக்குறி வளைவுதான். ஒவ்வொரு முறையும் நேரம் கூடிக்கொண்டே போனால் வேறெங்கோ தவறு இருக்கிறது. மீட்டர் பூச்சியத்தில் சரியாக நிற்காததுகூடக் காரணமாகலாம்.

பாதியாகும் நேரத்தை 0.693-ஆல் வகுத்தால் காலமாறிலி கிடைக்கும். 36 விநாடி வந்ததென்று வைத்துக்கொள்வோம். காலமாறிலி 52 விநாடி. அதை 47,000-ஆல் வகுத்தால் மின்தேக்கியின் உண்மையான மதிப்பு சுமார் 1,100 மைக்ரோஃபாரட். மேலே 1000 என்று அச்சிட்டிருக்கிறதே என்று பதற வேண்டாம். இந்த வகை எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம்.

வளைவைப் படிப்பதில் பலர் சறுக்கும் இடம் வேறு. இதே சோதனையை 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் 4.7 மெகாஓம் மின்தடையையும் வைத்துச் செய்து பாருங்கள். பெருக்கினால் அதே 47 விநாடிதான். ஆனால் மின்னேற்றம் செய்யும்போது எண் 6.1 வோல்ட் அருகே வந்து நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 9-ஐத் தொடாது.

காரணம் மீட்டர். பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் வோல்ட் அளக்கும்போது தாமே 10 மெகாஓம் மின்தடைபோல நடந்துகொள்கின்றன. 47 கிலோஓமுக்கு முன்னால் அது பொருட்டே இல்லை. 4.7 மெகாஓமுக்கு முன்னால் அப்படியில்லை. மின்தடை வழியாக வரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை மீட்டர் இழுத்துக்கொள்கிறது. அதனால் மின்தேக்கி எட்டக்கூடிய உச்சம், 9 வோல்ட்டை 14.7-இல் 10 பங்காகப் பிரித்தால் வரும் 6.12 வோல்ட். காலமாறிலியும் 47-லிருந்து 32 விநாடியாகக் குறைந்துவிடுகிறது.

இங்கே ஒரு மாணவர் 9 வோல்ட்டில் 63 சதவீதம் என்று கணக்குப் போட்டு வளைவில் 5.69-ஐத் தேடினால், அது சுமார் 85-ஆவது விநாடியில்தான் கிடைக்கும். அந்த 85 இந்தச் சுற்றில் எதையும் குறிக்காத எண். 63 சதவீதம் என்பது பேட்டரி வோல்ட்டில் அல்ல, வளைவு கடைசியில் எங்கே போய்ப் படுக்கிறதோ அந்த மட்டத்தில். 6.12-இல் 63 சதவீதம் 3.87 வோல்ட், அதைத் தேடினால் 32-ஆவது விநாடியில் சரியாகச் சிக்கும். மின்னேற்ற வளைவு எதைப் பார்த்தாலும் முதலில் வலது ஓரத்துக்குப் போய் அது எந்த மட்டத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். அங்கே எதிர்பார்த்த வோல்ட் இல்லையென்றால், எங்கோ கசிவு இருக்கிறதென்று பொருள்.

பழைய டிவியையோ கணினியின் பவர் சப்ளையையோ திறப்பவர்களுக்கும் இந்த வளைவு வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக்கிச் சேமிக்கும் மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் இருக்கும். அது 100 மைக்ரோஃபாரட், அதை வடித்துவிட 220 கிலோஓம் மின்தடை குறுக்கே இருக்கிறது என்றால் காலமாறிலி 22 விநாடி. 50 வோல்ட்டுக்குக் கீழே வர 41 விநாடியாகும். அந்த மின்தடையின் ஒரு கால் விட்டுப்போயிருந்தாலோ, ஒரு நிமிடம் கழித்தும் உள்ளே ஏறக்குறைய முழு வோல்ட் நிற்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிக் காத்திருந்தாயிற்று என்று கை வைக்காதீர்கள். டிசி வோல்ட் வரிசையில் மீட்டரை வைத்து, எண் இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.