விலை சொல்கிறவர் யார் பக்கம்?

1997-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. வீட்டில் கிடக்கும் பழைய பொருளை மக்கள் எடுத்துவந்து காட்டுவார்கள். நிபுணர் அதன் வரலாற்றைச் சொல்லி, கடைசியில் விலையையும் சொல்வார். முதல் ஆண்டிலேயே பிரபலமானது ஒரு வாள். சின்ன வயதில் இதை வைத்துத் தர்ப்பூசணி வெட்டி விளையாடினேன் என்றார் அதைக் கொண்டுவந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து வாள் இது, 35,000 டாலர் பெறும் என்றார் நிபுணர். கொண்டுவந்தவரின் முகத்தில் தெரிந்த வியப்பை நாடே ரசித்தது.

அந்தக் காட்சி முழுக்க நாடகம். வாளைக் கொண்டுவந்தவர் நிபுணர்களுக்குத் தெரிந்தவர். ரஸ் பிரிட்சார்ட், ஜார்ஜ் ஜூனோ என்ற அந்த இருவரும் போர்க்காலப் பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரிகள். தொலைக்காட்சியில் கிடைத்த பெயரை நம்பி, போர்வீரர்களின் வாரிசுகள் தங்கள் வீட்டுப் பொருட்களை அவர்களிடம் காட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

கெட்டிஸ்பர்க் போரில் புகழ்பெற்ற ஜெனரல் பிக்கெட்டின் வழித்தோன்றல் ஒருவர், குடும்பத்தில் பாதுகாத்துவந்த பொருட்களை இவர்களிடம் 87,000 டாலருக்கு விற்றார். அவை ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில் உருவாகிக்கொண்டிருந்த அருங்காட்சியகத்துக்குத்தான் அவை போயின. ஆனால் நகர நிர்வாகம் கொடுத்த விலை ஏறக்குறைய பத்து மடங்கு. இன்னொரு குடும்பத்திடம், உங்கள் மூதாதையரின் ராணுவச் சீருடை போலியானது என்றார்கள். அதைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். உண்மையில் அது நல்ல விலைக்குக் கைமாறியிருந்தது. விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. 2002-ல் பிரிட்சார்டுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை. 8,30,000 டாலர் திருப்பித் தர வேண்டும் என்றும் தீர்ப்பானது.

ஏமாந்தவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. நிபுணரிடம் கேட்டுத்தான் விற்றார்கள். கேட்ட ஆள்தான் தவறு. விலை சொன்னவரே வாங்குகிறவராகவும் இருந்தார். அவர் எவ்வளவு குறைத்துச் சொல்கிறாரோ அவ்வளவும் அவருக்கு லாபம். பழம்பொருள் வியாபாரத்தில் நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவற்றை இந்த ஓர் இடத்தில் தொட்டுப் பார்க்கலாம்.

ஆச்சி வீட்டு முற்றத்தில்

நம் ஊரில் இதற்குத் தொலைக்காட்சி எல்லாம் தேவைப்படுவதில்லை. செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனையோ. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள், வீட்டில் வயதான ஒருவர் மட்டும் இருப்பார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதும், அங்கே நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இருப்பதும் பலருக்குத் தெரியும். கடையே இல்லாமல் வாசலுக்கு வந்து நிற்கிற ஆளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவர் வேலை செய்யும் முறையை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம்.

முதல் நாள் அவர் விலை உயர்ந்த எதையும் கேட்க மாட்டார். அடுக்களையில் கிடக்கும் எனாமல் தூக்கு ஒன்றைக் காட்டி, “ஆச்சி, இதுக்கு ஆயிரத்தைந்நூறு தர்றேன்” என்பார். கடையில் அது அவ்வளவு போகாது. ஆச்சிக்கு ஆச்சரியம். நல்ல மனுஷன், நாம் கேட்காமலே கூடக் கொடுக்கிறான் என்று தோன்றும். அந்தத் தூக்கில் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் அதைக் கொடுத்து ஆச்சியின் நம்பிக்கையை வாங்கிவிட்டார்.

அடுத்த முறை வரும்போது பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கித் தராசில் வைப்பார். ஒன்பது கிலோ இருக்கிறது. பழைய பித்தளை கிலோ 450 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 4,050 வரும். எடை சரி, விலையும் அன்றைய பழைய பித்தளை விலைதான். ஆனால் அது உருக்கப்போகிற உலோகத்தின் விலை. வார்ப்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு பழையது, தண்டில் பேர் வெட்டியிருக்கிறதா, எந்த வீட்டு விளக்கு என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமே இல்லை. விளக்காக வாங்கிப்போய் விளக்காகவே விற்கிற பொருளுக்குத் தராசை நீட்டுவதுதான் இந்த வித்தை.

பிறகு சுவரில் தொங்கும் லட்சுமி படத்துக்கு வருவார். “இது வெறும் பிரஸ் படம் ஆச்சி, கையால வரைஞ்சதில்ல. பிரேமுக்காக ஐந்நூறு வச்சுக்குங்க.” இதில் முதல் பாதி உண்மை. ரவி வர்மா 1894-ல் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சில் அடித்த படங்கள் நாடெங்கும் வீடுகளுக்குப் போயின. சில வீடுகளில் அவற்றின் மேல் ஜரிகையும் துணியும் மணியும் ஒட்டி அலங்கரித்தார்கள். அச்சுப் படமாக இருந்தும் சேகரிப்பவர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ‘பிரஸ் படம்’ என்ற உண்மையைச் சொல்லி, ‘ஆகவே மதிப்பில்லை’ என்ற பொய்யை அதன் பின்னால் நுழைத்துவிடுகிறார் வந்தவர். அது அசலா, கலர் பிரதியா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்து நீங்களே ஓரளவு பார்க்கலாம். இன்றைய அச்சில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். பழைய கல்லச்சில் அவை ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் இருக்கும். படத்தின் அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் பெயரையும் சேர்த்தே நகல் எடுக்க முடியும் என்பதால் அது மட்டும் போதாது.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

ஆச்சி தயங்கினால் நெருக்கடி தொடங்கும். “வண்டி வாசல்ல நிக்குது, இன்னைக்கே எடுத்தாத்தான் இந்த விலை” என்பது சாதாரண ரகம். இரண்டாவது ரகத்தில் இன்னொரு ஆள் வருவார். அவர் முதல் ஆள் சொன்னதைவிடக் குறைத்துக் கேட்டுவிட்டுப் போவார். இருவரும் கூட்டு. முதல் ஆள் சொன்னதே தேவலை என்று நினைக்க வைப்பதுதான் இரண்டாவது ஆளின் வேலை. மூன்றாவது ரகம் முன்பணம். ஆயிரம் ரூபாய் கொடுத்து ‘பேசி முடித்த’ பொருளாக்கிவிட்டு, எடுக்க வரும்போது விரிசல் இருக்கிறது, பற்றவைத்திருக்கிறது என்று பாதியாகக் குறைப்பார்கள். வாங்கிய முன்பணத்தைச் செலவு செய்துவிட்டவர்கள் பேச முடியாமல் நிற்பார்கள்.

எல்லாவற்றிலும் கெட்டது சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது. “நூறு வருஷப் பொருளை வீட்டுல வச்சிருந்தா போலீஸ் வரும், எங்கிட்ட கொடுத்துட்டா பிரச்சினை இல்ல” என்பார்கள். சட்டம் இருப்பது உண்மை. 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருட்கள் தொல்பொருள். அவற்றில் சிலைகள், ஓவியங்கள், ஓவியமுள்ள சுவடிகள் என அறிவிக்கப்பட்ட சில வகைகளை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வீட்டில் புழங்கிய பாத்திரமும் அலமாரியும் பதிவுப் பட்டியலில் இல்லை. பதிய வேண்டிய சிலையோ ஓவியமோ இருந்தால் அதற்கு வழி பதிவுதான். வாசலில் நிற்பவரிடம் அள்ளிக்கொடுப்பதால் பொறுப்பு தீராது. சட்டம் பேசுகிறவரிடம் அவருடைய உரிமத்தைக் காட்டச் சொன்னாலே பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஏற்றிச் சொல்கிறவர்

மதிப்பீட்டுப் பொய்க்கு இன்னொரு முகமும் உண்டு. உங்கள் பழைய ஐந்து ரூபாய் நோட்டு ஐந்து லட்சம் பெறும் என்று ஒருவர் சொல்கிறார். இவர் பொருளை வாங்க வரவில்லை. பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், வரி என்று ஒவ்வொன்றாக உங்களிடம் கறக்க வந்திருக்கிறார். லட்சத்தைக் காட்டினால்தானே இரண்டாயிரம் கொடுப்பீர்கள்! ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படிக் கட்டணம் கேட்டார்கள். பழைய நோட்டு, நாணயப் பரிமாற்றத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிக்க வேண்டியதாயிற்று. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று ஆண்டு போட்ட செப்புக் காசுகளும் இந்த ரகம்தான். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை.

குறைத்துச் சொல்கிறவருக்குப் பொருளில் லாபம், ஏற்றிச் சொல்கிறவருக்குக் கட்டணத்தில் லாபம். இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் சொல்லும் விலையால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

நேர்மையான மதிப்பீடு எப்படி இருக்கும்?

மதிப்பிடுகிறவர் அந்தப் பொருளை வாங்கக் கூடாது. அவருடைய கூலி விலையில் இத்தனை சதவீதம் என்று இருக்கக் கூடாது. மணிக்கணக்கிலோ பொருளுக்கு இவ்வளவு என்றோ இருக்க வேண்டும். அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் தொழில் விதியும் விலையைப் பொறுத்துக் கூலி வாங்குவதைத் தடுக்கிறது. மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும்: பொருளின் அளவு, நிலை, பழுது, தேதி, இதே போன்ற எந்தப் பொருள் எங்கே என்ன விலைக்குப் போனது. எந்த விலை என்பதும் அதில் இருக்க வேண்டும். காப்பீட்டுக்காகச் சொல்லும் மதிப்பு, கடையில் புதிதாக வாங்கப் போனால் ஆகும் செலவு. நீங்கள் விற்கும்போது அது கைக்கு வராது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் பத்தாயிரத்துக்கு விற்கும் பொருளை உங்களிடம் ஐயாயிரத்துக்குக் கேட்டால் அது மோசடி ஆகாது. வாடகை, பழுதுபார்ப்பு, விற்காமல் ஆண்டுக்கணக்கில் முடங்கும் பணம் எல்லாம் அவர் பாடு. குறைவாகக் கேட்பது பேரம். போலி என்று தெரிந்தே பொய் சொல்லியோ பயமுறுத்தியோ வாங்குவதுதான் ஏமாற்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வருவதும் அதுதான். இணையத்தில் கட்டணம் கட்டி ஏமாந்திருந்தால், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகிவிடும்.

ஊரில் தனியாக இருக்கும் பெரியவரிடம் இத்தனையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அளவுகோல் வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்து, பட்டியல் போட்டு, பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு ஆச்சி வாசலில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “படம் பசங்ககிட்ட இருக்கு, விலையை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, ஒரு வாரம் கழிச்சுச் சொல்றோம்.” நல்ல வியாபாரி எழுதிக் கொடுப்பார். மற்றவர் திரும்பி வர மாட்டார்.