11.50 வரை பேசாத வாட்ச்

காலை 10.02-க்கு எழுந்து, அச்செடுத்த காகிதத்தை வாங்கிவந்து மறுபடி உட்காருகிறீர்கள். கையில் ஆப்பிள் வாட்ச். அது அடுத்து எழச்சொல்லித் தட்டுவது 11.50-க்குத்தான். இடையில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்திருப்பீர்கள்.

வாட்ச் பழுதில்லை. உட்கார்ந்த நேரத்தை அது அளப்பதில்லை. கடிகாரத்தின் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு நிமிடமாவது எழுந்து நடமாடினீர்களா என்றுதான் பார்க்கிறது. முதல் 50 நிமிடங்களில் நடமாட்டம் இல்லை என்றால் தட்டும். 10 மணிக் கணக்கு 10.02-லேயே முடிந்துவிட்டதால் 10.50-க்குச் சும்மா இருந்துவிடுகிறது. ஃபிட்பிட்டும் இதே வழிதான். மணிக்கு 250 அடி நடந்தோமா என்று பார்க்கும்.

இந்த ஓட்டையைத் தண்ணீரால் அடைக்கலாம். போனில் ஒவ்வொரு மணியும் 20-ஆவது நிமிடத்தில், வேலைநாட்களுக்கு மட்டும், அதிர்வோடு அலாரம் வையுங்கள். மேசையில் பெரிய பாட்டில் வேண்டாம். 200 மில்லி டம்ளர் போதும். குடிக்க வேண்டுமானால் தண்ணீர் கேன் வரை நடந்தாக வேண்டும். அலாரத்தை மதித்தால் வாட்ச் தொல்லை செய்யாது. கூட்டத்தில் இருந்து தவறவிட்டால் 50-ஆவது நிமிடத்தில் அது நினைவுபடுத்தும். இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்தால் இந்தக் காவல் கிடைக்காது.

ஒன்பதரை முதல் ஆறு வரை வேலை என்றால் 10.20, 11.20, 12.20, சாப்பாடு முடிந்து 2.20, 3.20, 4.20: ஆறு டம்ளர், 1.2 லிட்டர். 5.20-க்கு நடை மட்டும், தண்ணீர் வேண்டாம். வழியில் கழிப்பறை இருக்காதே என்ற பயத்தில் பகல் முழுக்கக் குடிக்காமலே இருக்கும் பெண்களுக்கு இந்தக் கடைசி இடைவெளி மிக முக்கியம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு இரண்டரை லிட்டர் என்றது. அதில் ரசமும் மோரும் சோற்றிலுள்ள நீரும் அடக்கம். நம் வெயிலுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் ஒரு டம்ளர் கூட்டுங்கள்.

மணிக்கு ஒருமுறை போதுமா? 2023-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கீத் டயஸ் குழு 11 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், மணிக்கு ஒரு நிமிட நடையே இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைய அரைமணிக்கு ஐந்து நிமிட நடை தேவைப்பட்டது. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் மதியத்துக்கு மட்டும் 1.50, 2.50 என்று கூடுதல் அலாரம் வைப்பது நல்லது.

தண்ணீருக்கென்று தனிச் செயலி போட்டவர்களுக்கு நினைவூட்டல் தாமதமாகவோ மொத்தமாகவோ வருவதுண்டு. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு போன் அதைத் தூங்கவைத்திருக்கும். அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்குங்கள், அல்லது போனின் சொந்த அலாரத்தையே பயன்படுத்துங்கள். சிறுநீரக, இதய நோய்க்காக மருத்துவர் நீரின் அளவைக் குறைத்திருந்தால் அலாரம் நடைக்கு மட்டுமே. டம்ளர் கணக்கு அவர் சொன்னதுதான்.