அப்பாவிடம் ஒரு தூரம், அம்மாவிடம் வேறு தூரம்

எக்ஸ் குரோமோசோமின் நுனியில் ஏறத்தாழ 27 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. ஒய் குரோமோசோமின் நுனியிலும் அதே துண்டு உண்டு. மற்றபடி எக்ஸுக்கும் ஒய்க்கும் அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது. இந்த நுனித்துண்டுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் பார்-1.

மரபணு வரைபடத்தில் இதன் நீளம் என்ன என்று கேட்டால் இரண்டு விடை வரும். அப்பாவின் வழியாக அளந்தால் சுமார் 50 சென்டிமார்கன். அம்மாவின் வழியாக அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே கடினம். எழுத்துகளை எண்ணிப் பார்த்தாலோ இருவரிடமும் அதே 27 லட்சம்.

சென்டிமார்கன் என்பது எழுத்துகளை எண்ணும் அளவு அல்ல. நம் ஊரில் 'கூப்பிடு தூரம்' என்போமே, கிட்டத்தட்ட அந்த வகை. கூப்பிடுபவரின் குரலும் அன்றைய காற்றும் மாறினால் அந்தத் தூரமும் மாறும். இங்கே குரலின் இடத்தில் இருப்பது குறுக்கேற்றம். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது, தாத்தாவிடமிருந்து வந்த குரோமோசோமும் பாட்டியிடமிருந்து வந்த குரோமோசோமும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, சில இடங்களில் வெட்டுப்பட்டு, துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். ஒரே குரோமோசோமில் இருக்கும் இரண்டு மரபணுக்களுக்கு நடுவே அந்த வெட்டு விழுந்தால் இரண்டும் பிரிந்துபோகும். நூறு பிள்ளைகளில் ஒன்றில் பிரிந்தால், தூரம் ஒரு சென்டிமார்கன்.

இந்தக் கணக்கில் முதல் வரைபடத்தை 1913இல் வெளியிட்டவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் மார்கனின் மாணவராக இருந்த ஆல்ஃப்ரெட் ஸ்டர்ட்டிவன்ட். பழ ஈயின் எக்ஸ் குரோமோசோமில் மரபணுக்களை வரிசைப்படுத்திய அதே கட்டுரையில், தான் வரைந்த இடைவெளிகள் உண்மையான இடைவெளிகள்தாம் என்று சொல்ல முடியாது, குரோமோசோம் எல்லா இடத்திலும் ஒரேபோல் உடையும் என்பது நிச்சயமில்லை என்றும் அவர் எச்சரித்தார். பாடப்புத்தகங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்ட அளவுக்கு எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. மனிதனில் பத்து லட்சம் எழுத்துக்கு ஒரு சென்டிமார்கன் என்ற வாய்ப்பாட்டைத்தான் மனப்பாடம் செய்கிறோம். மொத்தத்துக்கு அது சுமாராகச் சரி. ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் கைவிட்டுவிடும்.

பார்-1க்கு அப்பாவிடம் 50 எப்படி வந்தது? பிரிவதற்கு முன்னால் எக்ஸும் ஒய்யும் தலா இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளும். ஆக நான்கு இழைகள். ஒரு குறுக்கேற்றத்தில் கைமாறுவது அவற்றில் இரண்டுதான். மற்ற இரண்டும் பழையபடியே இருக்கும். நான்கு இழைகளும் நான்கு விந்தணுக்களுக்குப் போகும்போது இரண்டில் மாற்றம், இரண்டில் இல்லை. ஒவ்வொரு செல்லிலும் தவறாமல் ஒரே ஒரு குறுக்கேற்றம் நடந்தால் விந்தணுக்களில் பாதி மாறியிருக்கும். நூற்றுக்கு ஐம்பது, அதாவது 50 சென்டிமார்கன்.

ஆணுக்கு அந்த ஒன்று கட்டாயம். எக்ஸையும் ஒய்யையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முடிச்சு அதுதான். முடிச்சு விழாவிட்டால் இரண்டும் ஒரே விந்தணுவுக்குள் போய்விடக்கூடும். அதிலிருந்து பிறக்கும் பையனுக்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும். கிளைன்ஃபெல்டர் நிலை என்பது இதுதான். இதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கூடுதல் எக்ஸ் அப்பாவிடமிருந்து வந்தது. அம்மாவிடம் இரண்டு எக்ஸ். முழு நீளத்தில் எங்கே முடிச்சுப் போட்டாலும் சரி, நுனியில்தான் போடவேண்டும் என்ற நெருக்கடி இல்லை.

கட்டாயம் ஒன்று என்பது புரிகிறது. இரண்டு, மூன்று ஏன் விழுவதில்லை? ஓர் இடத்தில் குறுக்கேற்றம் நடந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் இன்னொன்று நடக்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. ஹெர்மன் முல்லர் 1916இல் இதற்குக் குறுக்கீடு என்று பெயர் வைத்தார். கண்டுபிடிக்க வழி எளிது. மூன்று மரபணுக்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இடைவெளியில் 10 சதவீதம், அடுத்ததில் 20 சதவீதம் பிரிவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றால் ஆயிரம் பிள்ளைகளில் 20 பேரிடம் இரண்டு வெட்டும் சேர்ந்து தெரியவேண்டும். எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் என்றால், மீதிப் பதினைந்தைத் தடுத்தது குறுக்கீடு.

இதன் உச்சத்தைப் பார்க்க ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவிடம் போகவேண்டும். அதன் குரோமோசோம் ஒவ்வொன்றிலும் வழக்கமாக ஒரே ஒரு குறுக்கேற்றம்தான். இரண்டு, மூன்று குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிப்போன புழுக்களை ஆராய்ந்தபோது, அந்த நீண்ட கோவையிலும் பெரும்பாலும் ஒன்றே விழுந்தது. எழுத்து எவ்வளவு கூடியும் வரைபட நீளம் அதற்கேற்பக் கூடவில்லை.

பக்கத்தில் வெட்டு விழுந்த செய்தி தூரத்துக்கு எப்படித் தெரிகிறது? ஜோடி சேர்ந்த குரோமோசோம்களுக்கு நடுவே புரதத்தாலான ஓர் அச்சு ஓடுகிறது. கடுகுச் செடியின் உறவான அரபிடாப்சிஸில் அந்த அச்சு நெடுக ஹெய்-10 என்ற புரதம் சிறு சிறு பொட்டுகளாகத் தொடங்குகிறது. குழம்பில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் போல, பெரிய பொட்டு பக்கத்துச் சின்னப் பொட்டுகளின் புரதத்தை இழுத்துக்கொண்டு வளர்கிறது. கடைசியில் தள்ளித்தள்ளி நிற்கும் சில பெரிய பொட்டுகளே குறுக்கேற்றமாகின்றன. 2021இல் இதைக் கணித மாதிரியோடு ஒப்பிட்டு விளக்கினார்கள்.

இந்த இழுபறி நடப்பது அச்சின் நீளத்தில், எழுத்துக் கணக்கில் அல்ல. டிஎன்ஏ அந்த அச்சிலிருந்து வளையம் வளையமாகத் தொங்குகிறது. சின்ன வளையங்கள் என்றால் அதே டிஎன்ஏவுக்கு நீளமான அச்சு. மனிதரில் கருமுட்டையின் அச்சு விந்துச் செல்லின் அச்சைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். மொத்த வரைபடமும் பெண்ணுக்குத்தான் நீளம். நுனித்துண்டில் மட்டும் இது தலைகீழ். ஆண் எலிகளில் அந்தத் துண்டு குட்டி வளையங்களாக நீண்ட அச்சில் மடிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கட்டாய வெட்டுக்கு இடம் கிடைப்பது அப்படித்தான்.

இன்னும் உள்ளே போனால் வெட்டு கண்ட இடத்தில் விழுவதுமில்லை. ஓரிரு ஆயிரம் எழுத்து அகலமுள்ள ஹாட்ஸ்பாட்டுகளில் குவிகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் குழு 2001இல், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் உள்ள சுமார் 2 லட்சம் எழுத்துப் பகுதியை விந்தணுக்களில் அலசியது. வெட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஆறு இடங்களில் இருந்தன. நடுவில் இருந்த நெடும்பரப்பு சும்மா கிடந்தது. இத்தகைய இடங்களைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது பிஆர்டிஎம்-9 என்ற புரதம் என்பது 2010இல் தெரியவந்தது. நமக்கும் சிம்பன்சிக்கும் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்று. அந்தப் புரதம் வேறு. அதனால் ஹாட்ஸ்பாட்டுகள் பொருந்துவதே இல்லை எனலாம்.

பார்-1இல் நுனியை ஒட்டி ஷாக்ஸ் என்ற மரபணு இருக்கிறது. அதன் ஒரு பிரதி கெட்டால் உயரம் குறையும், முன்கை எலும்பு வளையும். கெட்ட பிரதி அப்பாவின் ஒய்யில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அது சுமார் 21 லட்சம் எழுத்து தள்ளி. வாய்ப்பாட்டின்படி எக்ஸுக்குத் தாவி மகளுக்குப் போக நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு. உண்மையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்தக் குறை பெண்களிடம்தான் கடுமையாகத் தெரிவது வழக்கம். 'ஒய்யில்தானே இருக்கிறது' என்று மகளைப் பரிசோதனையிலிருந்து விட்டுவிடக் கூடாது.