ஐந்து நாளில் கண்ணால் பார்ப்பதை எழுதுங்கள்

வீட்டு மாடியில் சிறுவர்களுக்கு அபாகஸும் கையெழுத்தும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பவர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“உங்கள் குழந்தையை ஜீனியஸ் ஆக்குங்கள்! 100% மூளை வளர்ச்சி! கோழிக் கிறுக்கல் கையெழுத்து ஒரே வாரத்தில் முத்து முத்தாக மாறும்! இலவச டிரயல்! இடங்கள் குறைவு!”

இதில் வயது இல்லை, நேரம் இல்லை, கட்டணம் இல்லை. பெற்றோர் முதலில் கேட்கும் மூன்றும் விடுபட்டிருக்கின்றன. சொல்லியிருப்பதையோ ஐந்து நாளில் யாராலும் காட்ட முடியாது. டிரயல் வாரத்துக்கு வாசகம் எழுத உட்காரும்முன், வெள்ளிக்கிழமை மாலை பிள்ளை உண்மையில் எதைச் செய்துகாட்டும் என்று யோசிக்க வேண்டும்.

வகுப்புகளில் புழங்கும் அபாகஸில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு மணிகள். மேல்மணியின் மதிப்பு 5, கீழ்மணி ஒவ்வொன்றும் 1. முதல் வாரத்தில் 1 முதல் 9 வரை மணிகளில் வைக்கவும், நேரடிக் கூட்டல் போடவும் பிள்ளை பழகிவிடும். 2 உடன் 6 கூட்ட வேண்டுமென்றால், கீழே இரண்டு மணி இருக்கும்போது மேல்மணியையும் இன்னொரு கீழ்மணியையும் சேர்த்தால் 8. ஆனால் 3 உடன் 4 கூட்டுவது அப்படியல்ல. கீழே ஒரே மணிதான் மிச்சம். 5-ஐ வைத்து 1-ஐ எடுக்க வேண்டும். இது அடுத்த கட்டப் பாடம். மணியே இல்லாமல் மனக்கண்ணில் கணக்குப் போடுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. ஆகவே, “மனக்கணக்கில் மின்னல் வேகம்” என்ற சொல் டிரயல் வாசகத்தில் வரக்கூடாது.

கையெழுத்தும் அப்படியே. ஒரு வாரத்தில் எழுத்தின் வடிவம் மாறிவிடாது. பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிப்பது, எழுத்தைக் கோட்டின்மேல் உட்கார வைப்பது, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவது ஆகியவற்றில் தொடக்கம் தெரியும். முதல் நாள் எழுதிய பக்கத்தைத் தேதி போட்டு எடுத்துவைத்து, ஐந்தாம் நாள் அதே வரிகளை மறுபடி எழுதச் சொன்னால், இரண்டையும் அருகருகே வைத்துப் பெற்றோரே பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றை வைத்து அதே வாசகத்தைத் திருத்தினால் இப்படி வரும்:

“6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு அபாகஸ், கையெழுத்து வகுப்பு. முதல் வாரம் கட்டணம் இல்லை.
திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 5 முதல் 6 வரை. ஒரு வகுப்பில் 8 பிள்ளைகள்.
அபாகஸ் இங்கேயே தருகிறோம். நான்கு கோடு நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்பினால் போதும். இடது கையால் எழுதும் பிள்ளைகள் அப்படியே எழுதலாம்.
வெள்ளி மாலை 5.45-க்கு நீங்களும் வாருங்கள். பிள்ளை மணியில் போடும் கூட்டலையும், முதல் நாள், ஐந்தாம் நாள் எழுதிய பக்கங்களையும் பாருங்கள்.
பிடித்திருந்தால் தொடரலாம், மாதம் 800 ரூபாய். வேண்டாமென்றால் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.”

வயதும் ‘கட்டணம் இல்லை’ என்பதும் முதல் வரியிலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. நீளமான வாசகத்தின் பின்பகுதியை போன் திரை மறைத்துவிடும். அதைத் தட்டித் திறப்பதா வேண்டாமா என்பதை முதல் வரிதான் முடிவுசெய்கிறது.

‘இலவசம்’ என்று எழுதுவதில் சட்டமும் இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மறைமுகமாகப் பணம் வாங்கும் ஒன்றை இலவசம் என்று விளம்பரம் செய்யக்கூடாது. டிரயலுக்கு வர அபாகஸும் புத்தகமும் வாங்கியே தீர வேண்டும் என்றால் அது இலவச வாரம் ஆகாது. அந்தத் தொகையை வாசகத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

‘கோழிக் கிறுக்கல்’ என்ற சொல்லை எடுத்ததற்கும் காரணம் உண்டு. அம்மாவின் போனில் வரும் வாசகத்தைப் பிள்ளையும் படிக்கிறது. தன் எழுத்தைக் கேலி செய்யும் இடத்துக்கு அது ஆசையாக வராது. பெற்றோரும், பிள்ளையிடம் ஏதோ குறை என்று சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். “எழுத்தைக் கோட்டில் நிறுத்திப் பழகுவோம்” என்றால் வேலையும் விளங்குகிறது, யாருக்கும் மனம் நோவதில்லை.

வாசகத்தைப் பார்த்துவிட்டு அழைக்கும் பெற்றோர் பலர், பள்ளிக் கணக்கோடு இது குழம்பாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பள்ளியில் ஒன்றாம் இடத்திலிருந்து கூட்டுகிறார்கள். அபாகஸில் பெரிய இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். பள்ளி நோட்டில் பள்ளி முறையிலேயே எழுத வேண்டும், விடையைச் சரிபார்க்க மணிகள் உதவும் என்று பதில் சொல்லலாம். வாக்கியக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள அபாகஸ் கற்றுத்தராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், மாதக் கட்டணம் கட்டுபவர் எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்டுவார்.