நுரை நின்றால்தான் நாற்றம் நிற்கும்

துவைத்துக் காயவைத்த துண்டை மடித்து வைக்கும்போது ஒரு குறையும் தெரியாது. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டும்போதுதான், ஈரம் பட்டவுடன் ஒரு முடை வாடை கிளம்பும். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் உள்ள பல வீடுகளில் இந்தத் தொல்லை உண்டு. அதற்கு வீட்டார் செய்யும் முதல் வைத்தியம், சோப்பை இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றுவது. அடுத்தது, வாசனைக்காகக் கண்டிஷனரைக் கூட்டுவது. இரண்டுமே நாற்றத்துக்குத் தீனி போடுகிற வேலை.

மெஷினுக்குள் விரலில் ஒட்டும் அந்தச் சாம்பல் நிற வழுவழுப்பு வெறும் அழுக்கு இல்லை. கரையாமல் தங்கிய சோப்பு, கண்டிஷனரில் உள்ள கொழுப்புப் பொருள், நம் உடம்பிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு, துணியின் பஞ்சு எல்லாம் சேர்ந்து படியும். அதைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும். அவை தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்வதால் சாதாரணத் துவைப்பில் அடித்துப் போகாமல் பிடித்து நிற்கின்றன. துவைத்த துணியில் வரும் முடை வாடைக்கு மொராக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். துணி காய்ந்தாலும் அது சாவதில்லை. மறுபடி ஈரம் கிடைத்ததும் வேலையைத் தொடங்குகிறது. துண்டு காய்ந்திருக்கும்போது மணக்காமல், நனைந்ததும் நாறுவது இதனால்தான்.

டாப் லோடு மெஷினைவிட ஃப்ரண்ட் லோடில் இது அதிகம். இதில் கதவைத் தண்ணீர் கசியாமல் அடைக்க மடிப்பு மடிப்பான ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. டோர் ரப்பர் என்றோ கேஸ்கெட் என்றோ மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அந்த மடிப்பின் அடியில் தண்ணீர் தேங்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஸ்டீல் டிரம்முக்கு வெளியே, தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. டிரம்மின் முதுகில் அதைத் தாங்கிச் சுழற்றும் மூன்று கை கொண்ட உலோகச் சட்டம் இருக்கிறது. அதன் பெயர் ஸ்பைடர். தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவிலுள்ள சந்திலும் ஸ்பைடரின் குழிகளிலும்தான் பெரும்பகுதிப் படிவு ஒளிந்திருக்கும். இந்த மெஷின் குறைந்த தண்ணீரில் துவைப்பது என்பதால் தண்ணீர் தொட்டியின் அடிப்பகுதியில்தான் நிற்கும். மேல்பகுதி தெறிப்பில் மட்டுமே நனையும். டிரம்மின் உட்புறம் பளபளவென்று இருப்பதை வைத்து மெஷின் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

தாம்பரத்தில் என் அக்கா வீட்டு மெஷினை எடுத்துக்கொள்கிறேன். 7 கிலோ மெஷின், போர் தண்ணீர். பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரில் குயிக் வாஷ், அளவு மூடி நிறையத் திரவ சோப்பு, தவறாமல் கண்டிஷனர், துவைத்து முடிந்ததும் கதவை இறுகச் சாத்திவிடுவது. வழுவழுப்பு வளர இதைவிடத் தோதான இடம் வேண்டாம். திரவ சோப்பில் ஆக்சிஜன் பிளீச் இருப்பதில்லை. பல சோப்புத் தூள்களில் உண்டு. அதுவும் சூடான தண்ணீரில்தான் நன்றாக வேலை செய்யும். அக்கா வீட்டு மெஷினுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

சுத்தத்தில் இறங்குமுன் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினை ஓட்டாத நாளிலும் டிரம்முக்குள் சாக்கடை வாடை அடித்தால், கழிவுநீர்க் குழாய் வழியாகக் காற்று மேலேறுகிறது என்று சந்தேகப்படலாம். டிரெயின் ஹோஸைக் குழாய்க்குள் மிக ஆழமாகச் செருகியிருப்பார்கள். அல்லது அந்தக் குழாயில் நீர் அடைப்பு இருக்காது. அதைப் பிளம்பர்தான் சரிசெய்ய வேண்டும். ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற வாடை என்றால் காரணம் மெஷினுக்குள் இருக்கிறது. அக்கா வீட்டில் இரண்டாவது வகை.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அடியிலிருந்து தொடங்குவது நல்லது. முன்பக்கம் கீழ் மூலையில் சிறு மூடிக்குள் டிரெயின் ஃபில்டர் இருக்கும். கடைசியாக ஓட்டியது சூடான துவைப்பு என்றால் தண்ணீர் ஆறட்டும். பக்கத்தில் சிறு ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே தண்ணீரை வடிக்கலாம். இல்லையென்றால் தாம்பாளத்தை வைத்து, பழைய துணியை விரித்து, ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். சட்டென்று கழற்றினால் உள்ளே நிற்கும் தண்ணீர் மொத்தமும் தரையில் கொட்டிவிடும். அக்கா வீட்டு ஃபில்டரில் ஊக்கு, ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, இவற்றையெல்லாம் சுற்றி ஜெல்லி போல் திரண்ட சாம்பல் பஞ்சு. டார்ச் அடித்து உள்ளறையையும் துடைத்து, கழற்றியதை மறுபடி இறுக்கமாகத் திருகி மாட்ட வேண்டும்.

அடுத்தது சோப்பு டிராயர். கண்டிஷனர் அறைப்பக்கம் உள்ள கொக்கியை அழுத்தினால் முழுதாக வெளியே வந்துவிடும். கண்டிஷனர் அறையின் சிறு மூடியையும் கழற்றி, வெந்நீரும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்க்கலாம். டிராயர் இருந்த பொந்தின் கூரையைப் பலர் பார்ப்பதே இல்லை. தண்ணீர் பீய்ச்சும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. செல்போன் டார்ச்சை அடித்து மேலே பார்த்தால் கரும்பூஞ்சை திட்டுத் திட்டாகத் தெரியும். அதை அப்படியே விட்டால் உள்ளே போகும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் அதைக் கழுவிக்கொண்டுதான் போகும்.

டோர் ரப்பருக்கு நேரம் கொடுத்தாக வேண்டும். உதட்டை இழுப்பதுபோல் மடிப்பை இழுத்துப் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் நனைத்த துணியால் வளையம் முழுதும் துடைக்க வேண்டும். கீழே, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், தண்ணீர் வடிய சில சிறு துளைகள் இருக்கும். அவை முடியாலும் பஞ்சாலும் அடைந்திருந்தால் எவ்வளவு துடைத்தாலும் மறுபடி தேங்கும். பிசுக்கு போன பின்னும் கறுப்புப் புள்ளிகள் நின்றால், ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து மடிப்புக்குள் அரைமணி வைத்து எடுக்கலாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். கையேட்டில் பிளீச் கூடாது என்று இருந்தால் விட்டுவிடலாம். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதன் கரையாத கசடு மடிப்பில் தங்கும்.

ஓர் எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பிளீச்சோடு வினிகரோ, சிட்ரிக் அமிலமோ, டாய்லெட் கழுவும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நம் வீடுகளில் மெஷின் பாத்ரூமிலேயே நிற்பதால் இந்த ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிளீச் வைத்த பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, வெறும் ரின்ஸ் ஒன்று ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கறுப்புக் கறை ரப்பருக்குள் ஊறியிருந்தால் முழுதாகப் போகாது. அதற்காகக் கம்பியால் சுரண்டி ரப்பரைக் கிழிக்க வேண்டாம். விரலால் தடவும்போது வழுக்கவில்லை என்றால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத தொட்டிக்குச் சூடான ஓட்டம்தான் மருந்து. ஆக்சிஜன் பிளீச் என்று கடையில் விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளில் சுமார் 200 கிராமை நேராக டிரம்மில் போட வேண்டும். துணி கூடாது, சோப்பும் கூடாது. 90 டிகிரி காட்டன் புரோகிராம். அது இல்லையென்றால் மெஷினில் இருக்கும் அதிகச் சூடு, குறைந்தது 60. மெஷினில் Tub Clean அல்லது Drum Clean என்று இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், தண்ணீர் நன்றாகச் சூடாகிற மாடலா என்று கையேட்டில் பார்த்துக்கொண்டால் சரி. இந்தத் தூள் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடாக் காரமாகவும் பிரியும். ஒன்று கிருமிகளையும் அவற்றின் படலத்தையும் தாக்கும், மற்றது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். மேல்பகுதி தெறிப்பில்தான் நனைகிறது என்பதால் குட்டையான புரோகிராம் உதவாது. நீண்ட ஓட்டமே வேண்டும்.

அக்கா வீட்டில் கால்மணி நேரத்துக்குள் கண்ணாடியில் பாதி உயரத்துக்கு நுரை எழும்பியது. “சோப்பே போடலியேடா, இவ்வளவு நுரை எங்கேர்ந்து வருது?” என்று கேட்டாள். போடாத சோப்பின் நுரை என்றால், வருடக்கணக்காகத் தொட்டியில் படிந்து கிடந்தது இப்போது கரைகிறது என்று அர்த்தம். கூடவே சாம்பல் நிறத் துணுக்குகளும் மிதந்தன.

எனக்குத் தெரிந்து மெஷின் சுத்தமானதா என்று சொல்ல இந்த நுரையைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. ஒருமுறை டிரம் கிளீன் ஓட்டிவிட்டு, பத்து நாளில் நாற்றம் திரும்பிவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் பாதியில் நிறுத்தியவர்கள். இளகிய படிவு முழுதும் வெளியேறாமல் உள்ளேயே மறுபடி ஒட்டியிருக்கும். ஆகவே ஃபில்டரை மறுபடி கழற்றிக் கழுவிவிட்டு, இந்த முறை எதுவுமே போடாமல் 60 டிகிரியில் வெறும் ஓட்டம் விட வேண்டும். தண்ணீர் சூடாகி டிரம் சுற்றும்போது கண்ணாடி வழியே பாருங்கள். நுரை வந்தால் படிவு இன்னும் இருக்கிறது. தூள் போட்டு ஒருமுறை, வெறுமனே ஒருமுறை என்று மாற்றி ஓட்டலாம். அக்கா வீட்டில் நுரை ஒவ்வொரு ஓட்டத்திலும் குறைந்து, கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் தண்ணீர் மட்டும் சலசலத்தது. அதன் பிறகு துவைத்த துண்டை நனைத்து முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொன்று உண்டு. டிரம் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது உப்புப் படிவு. அதன் சொரசொரப்பில் வழுவழுப்பு எளிதில் பற்றும். இதற்கு வேறொரு நாளில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 60 டிகிரியில் ஓட்டலாம். பெர்கார்பனேட்டோடு சேர்த்துப் போடக்கூடாது. காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும். வினிகரை வாரந்தோறும் ஊற்றும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளடைவில் ரப்பர் கெடும்.

இனி மறுபடி சேராமல் இருக்க, சோப்பு பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை மீறாமல் இருப்பதே பெரிய காரியம். கடைசி ரின்ஸிலும் நுரை நின்றால் அளவைக் குறைக்கலாம். கண்டிஷனரை அக்கா நிறுத்தியேவிட்டாள். துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் வாரம் ஒருமுறை சோப்புத் தூள் போட்டு 60 டிகிரியில் துவைக்கிறாள். அந்தச் சூட்டில் மெஷினும் கழுவப்படுகிறது. துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்து, ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவையும் டிராயரையும் கொஞ்சம் திறந்து வைக்கிறாள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கதவைத் திறந்து வைப்பதென்றால், குழந்தை டிரம்முக்குள் ஏறிவிடாதபடி அந்த அறைக் கதவைச் சாத்தியாக வேண்டும்.

நுரை அடங்கியும், கழிவுக் குழாயில் கோளாறு இல்லாமலும் நாற்றம் தொடர்ந்தால், தெறிப்பு எட்டாத இடத்தில் படிவு கெட்டியாகிவிட்டது என்று பொருள். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிரம்மைக் கழற்றிக் கழுவுவதுதான் வழி. கழற்றும்போது ஸ்பைடரையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அலுமினியக் கலவை. சோப்புப் படிவு பல வருடம் மூடிக் கிடந்தால் அரித்துப்போகும். சுழலும்போது டிரம் தடதடக்கும் மெஷினில் இந்த அரிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். சில மாடல்களில் தொட்டியைத் திறக்க முடியாதபடி ஒட்டியே விட்டிருப்பார்கள். அதில் கழுவுவது என்றால் தொட்டியையே மாற்றுவது என்று ஆகிவிடும். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.