பத்தியும் இணைப்பும்

தனுஷ்கோடியின் அழிவைப் பற்றிய கட்டுரையில் மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதக்கூடும்: "தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. 1964 டிசம்பரில் புயல் தாக்கியது. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அரசு அவ்வூரை வாழத் தகுதியற்றது என அறிவித்தது." நான்கும் உண்மையே, ஆயினும் பத்தி எதனை நிறுவ வருகிறது என்பது விளங்கவில்லை.

பத்திக்கு ஒரு கருத்துத்தொடர் வேண்டும். "தொடர்வண்டியும் கப்பலும் சந்தித்ததால் தனுஷ்கோடி வளர்ந்தது" என்று தொடங்கினால், தலைமன்னார்க் கப்பல் அதற்குச் சான்றாகிறது. தொடர்வண்டியைத் தீவுக்குக் கொண்டுவந்தது பாலமே ஆதலின், அச்செய்தியும் இங்கேயே பொருந்தும். புயல் பொருந்தாது, அது அடுத்த பத்திக்கு உரியது.

அடுத்த பத்தியை 'மேலும்' என்று தொடங்குவதே பலர்க்கும் வழக்கம். அச்சொல் முன்னதோடு ஒன்றைக் கூட்டும், திருப்பத்தைக் காட்டாது. "ஊரை வளர்த்த அவ்விரு வழிகளையும் புயல் ஓரிரவில் அறுத்தது" என்னும் தொடரிலோ, 'அவ்விரு வழிகள்' முந்தைய பத்தியைப் பற்றிக்கொள்கிறது. 'அறுத்தது' புதிய கருத்தைத் தொடங்குகிறது. கடலில் மூழ்கிய பயணியர் தொடர்வண்டியும் சிதைந்த இருப்புப்பாதையும் இதன்கீழ் வரும்.

மூன்றாம் பத்தி, "அறுந்த வழிகளுள் பாலம் 46 நாள்களில் சீராயிற்று, ஆனால் ஊர் மீளவில்லை" எனத் தொடங்கலாம். அரசின் அறிவிப்பு இதற்கே சான்று. இங்கு 'ஆனால்' தேவையான சொல்.

எழுதி முடித்தபின், பத்திகளின் முதல் தொடர்களை மட்டும் வரிசையாகப் படிக்க வேண்டும். வளர்ந்தது, அறுந்தது, மீளவில்லை என வாதம் தொடர்ந்து வந்தால் அமைப்பு சரி. இடையில் தாவல் தோன்றினால், அவ்விடத்தில் ஒரு பத்தி இரண்டு கருத்துகளைச் சுமக்கிறதா என்று பார்க்க வேண்டும்.