ஆளில்லாத பந்தியில் ஆளுக்கு எத்தனை?

பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். ஏன் கூடாது என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்பதைப் போல அதுவும் ஒரு 'கூடாது' என்றே வெகுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். கால்குலேட்டரில் அடித்துப் பார்த்தால் Error என்று வரும். அதட்டினால் அடங்கிப் போகிற வயது அது.

இதற்கான விடை நம்முடைய கணக்குப் புத்தகத்துச் சொல் ஒன்றிலேயே இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வகுத்தலில் கிடைக்கும் விடைக்கு நாம் 'ஈவு' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஈதல், ஈகை என்பவற்றோடு பிறந்த சொல். ஒருவருக்கு ஈவது எவ்வளவோ அதுதான் ஈவு. கொடுத்து முடித்தபின் இலையில் மிஞ்சுவது மீதி. இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தட்டில் 12 முறுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 பேர் இருந்தால் ஆளுக்கு 4. 2 பேர் இருந்தால் 6. ஒரே ஆள் என்றால் 12-ம் அவருக்கே. இப்போது ஒருவருமே வரவில்லை. ஆளுக்கு எத்தனை?

இந்தக் கேள்வியை நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "அப்படியே 12-ம் இருக்கும்" என்பார்கள் சிலர். "யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆகவே பூஜ்யம்" என்பார்கள் சிலர்.

முதல் பதிலைச் சொல்பவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்களுக்குப் பெரிய துணை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித மேதை, பூஜ்யத்தால் வகுக்கப்பட்ட எண் மாறாமல் அப்படியே இருக்கும் என்று தம் 'கணிதஸாரஸங்கிரஹம்' நூலில் எழுதினார். (இந்நூலை ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-ல் சென்னையில் அது அச்சாயிற்று.) மகாவீரர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பங்குபோட ஆளில்லை, பண்டம் குறையவில்லை, ஆகவே 12. ஆனால் அந்த 12 தட்டில் கிடக்கிற மீதி. நாம் கேட்டது ஈவு. வாங்கும் கை ஒன்றுகூட இல்லாதபோது 'ஒரு கைக்கு எவ்வளவு' என்பதற்கு என்ன பதில் சொல்ல?

இரண்டாவது பதிலான பூஜ்யமும் நிற்காது. வகுத்தல் சரிதானா என்று பார்க்கப் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். 3 பேருக்கு ஆளுக்கு 4 என்றால் 3 × 4 = 12; கணக்கு நேராகிவிட்டது. 0 பேருக்கு ஆளுக்கு 0 என்றால் 0 × 0 = 0. தட்டில் இருந்த 12 முறுக்குக்கு யார் கணக்குச் சொல்வது? ஈவு 12 என்று வைத்தாலும் 0 × 12 = 0 தான். ஆயிரம் என்றாலும், கோடி என்றாலும் அதேதான். பூஜ்யம் பேருக்கு எதைக் கொடுத்தாலும் மொத்தம் பூஜ்யம். அது 12 ஆகவே ஆகாது. விடை கண்டுபிடிக்கக் கடினமாக இருக்கிறது என்பதில்லை. விடையாக உட்காரத் தகுதியுள்ள எண் ஒன்றுகூடக் கிடையாது.

வகுத்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆட்களை விட்டுவிட்டுப் பைகளுக்கு வருவோம். பைக்கு 3 முறுக்கு வீதம் போட்டால் 12 முறுக்குக்கு 4 பை வேண்டும். பைக்குப் பாதி முறுக்கு என்றால் 24 பை. பத்தில் ஒரு பங்கு என்றால் 120 பை. நூறில் ஒரு பங்கு என்றால் 1200 பை. போடுவது குறையக் குறையப் பைகள் பெருகிக்கொண்டே போகின்றன. பைக்கு 0 முறுக்கு என்றால்? காலிப் பைகளைக் கட்டிக் கட்டி அடுக்கிக்கொண்டே இருக்கலாம். கோடி பை கட்டிய பிறகும் தட்டில் 12 அப்படியே இருக்கும்.

இதைப் பார்த்தால் 'முடிவிலி' என்று சொல்லிவிடத் தோன்றும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதைத்தான் சொன்னார். பூஜ்யத்தைக் கீழே உடைய பின்னத்துக்கு 'கஹரம்' என்று பெயர், அது அளவிறந்தது, எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாதது. உலகங்கள் தோன்றும்போதும் ஒடுங்கும்போதும் மாறாதிருக்கும் பரம்பொருளை அதற்கு உவமையாகச் சொல்கிறார். அழகான உவமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்குக்கு அது உதவாது. 12-ஐப் பூஜ்யத்தால் வகுத்தாலும் முடிவிலி, 7-ஐ வகுத்தாலும் முடிவிலி என்றால், திருப்பிப் பெருக்கும்போது அதே முடிவிலி ஒருமுறை 12 தர வேண்டும், இன்னொருமுறை 7 தர வேண்டும். போதாக்குறைக்கு, பூஜ்யத்தை மறுபக்கத்திலிருந்து, அதாவது குறை எண்கள் வழியாக நெருங்கினால், −120, −1200 என்று விடை எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒரே இடத்துக்கு இரு பாதை வழியாகப் போகிறோம். ஒன்று வானத்திலும் மற்றது பாதாளத்திலும் கொண்டுபோய் விடுகிறது.

இதுவரை தட்டில் ஏதோ இருந்தது. தட்டும் காலி, ஆளும் இல்லை என்றால்? ராமானுஜனைப் பற்றி அவர் வாழ்க்கை வரலாறுகளில் வரும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொல்கிறார்; 3 பழத்தை 3 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. சிறுவன் ராமானுஜன் எழுந்து, பழமே இல்லாமல், ஆளே இல்லாமல் பங்கிட்டால் அப்போதும் ஆளுக்கு ஒன்று வருமா என்று கேட்டானாம். நடந்ததோ இல்லையோ, கேள்வி கூர்மையானது. ஏனென்றால் இங்கே சிக்கல் தலைகீழாகிறது. 12-க்கு எந்த விடையும் பொருந்தவில்லை. இங்கே எல்லா விடையும் பொருந்துகிறது. 0 பேருக்கு ஆளுக்கு 1 என்றாலும் மொத்தம் 0. ஆளுக்கு 5 என்றாலும் 0. 999 என்றாலும் 0. எல்லாக் கதவும் திறக்கிற சாவியை எந்த வீட்டுச் சாவி என்று சொல்வது? 628-ல் பூஜ்யத்துக்கு விதிகள் வகுத்த பிரம்மகுப்தர் இதற்குப் பூஜ்யம் என்றே விடை எழுதினார். அதற்குத் தனித் தகுதி ஒன்றுமில்லை. பொருந்துகிற எத்தனையோ எண்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பாஸ்கரரின் 'லீலாவதி'யில் ஒரு கணக்கு வருகிறது. ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கு; வந்ததில் பாதியை அதனோடு கூட்டு; மூன்றால் பெருக்கு; பூஜ்யத்தால் வகு; விடை 63. அந்த எண் எது? பாஸ்கரர் தரும் விடை 14. எப்படி? 14 × 0 என்பதை அவர் பெருக்கி முடிக்காமல் அப்படியே நிறுத்தி வைக்கிறார். பாதியைக் கூட்டினால் 21 × 0. மூன்றால் பெருக்கினால் 63 × 0. கடைசியில் பூஜ்யத்தால் வகுக்கும்போது இரண்டு பூஜ்யங்களும் அடிபட்டு 63 நிற்கிறது.

பூஜ்யத்துக்குப் பதிலாக 0.001 என்று வைத்துப் பாருங்கள். 14 என்பது 0.014 ஆகி, 0.021 ஆகி, 0.063 ஆகி, 0.001-ஆல் வகுத்ததும் 63 வந்துவிடும். எத்தனை சிறிய எண்ணை வைத்தாலும் வரும். ஆனால் மெய்யான பூஜ்யத்தை வைத்தால் 14 × 0-ம் பூஜ்யம், 10 × 0-ம் பூஜ்யம். பெருக்கிய கணத்திலேயே, உள்ளே போன எண் எது என்ற ஞாபகம் அழிந்துவிட்டது. அழிந்ததை வகுத்து மீட்க முடியாது. பாஸ்கரர் கணக்கில் பூஜ்யம் என்ற பெயரில் நடமாடுவது மிக மிகச் சிறிய ஓர் அளவு என்று கொண்டால் அவர் விடை சரி. பின்னால் நுண்கணிதம் கைப்பற்றிய நிலம் அது. 'நெருங்குவது' வேறு, 'அடைவது' வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லப் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை ஆயிற்று.

சரி, விடை இல்லையென்றால் ஒரு புது எண்ணை உண்டாக்கிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். −1-க்கு வர்க்கமூலம் இல்லை என்றார்கள், பிறகு கற்பனை எண் என்று ஒன்றை உண்டாக்கினார்கள், குடிமுழுகிப் போய்விடவில்லை. இங்கும் செய்து பார்ப்போம். 1-ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவதை w என்போம். ஆகவே 0 × w = 1. இப்போது 0 + 0 = 0 என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

```
(0 + 0) × w = 0 × w + 0 × w = 1 + 1 = 2
(0 + 0) × w = 0 × w = 1
```

ஒரே அளவு மேல் வரியில் 2, கீழ் வரியில் 1. இரண்டு காலிப் பந்திகளைச் சேர்த்தால் ஒரு காலிப் பந்திதான். ஆனால் w வந்ததும் ஒரு முறுக்கு இரண்டாகிவிடுகிறது. ஒன்றும் இரண்டும் சமமென்றால் எல்லா எண்ணும் சமம். கற்பனை எண் வந்தபோது கூட்டல் பெருக்கல் விதிகள் உடையவில்லை. W வந்தால் உடைகின்றன. ரீமான் கோளம் என்ற அமைப்பில் 1-ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி என்று எழுத அனுமதி உண்டு. ஆனால் அங்கேயும் பூஜ்யத்தை முடிவிலியால் பெருக்கக் கூடாது என்று வேறொரு கதவைப் பூட்டிவிடுகிறார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களில் மாதாந்தரக் கூட்டத்துச் சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று எக்செல் தாளில் எழுதி வைப்பதுண்டு. எங்கள் சங்கத்துத் தாள் ஒன்றில் ஐந்து மாதங்களுக்கு 12 டாலர், 15 டாலர், பிறகு #DIV/0!, அதன்பின் 9, 12 என்று இருந்தது. மூன்றாம் மாதம் பனிப்புயல், கூட்டமே நடக்கவில்லை. அந்த அசிங்கமான எழுத்துகளை மறைக்கப் பொருளாளர் இப்படி ஒரு சூத்திரம் போட்டிருந்தார்:

```
=IFERROR(B4/C4, 0)
```

தாள் அழகாகிவிட்டது. நடந்த நான்கு கூட்டங்களின் சராசரி 48-ஐ நான்கால் வகுத்து 12 டாலர். பூஜ்யமும் ஒரு மாதமாகச் சேர்ந்துகொண்டதால் 48-ஐ ஐந்தால் வகுத்து 9.60 என்று காட்டியது. அடுத்த ஆண்டுக்குத் தலைக்குப் பத்து டாலர் வசூலித்தால் போதும் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது அந்த எண்ணை வைத்துத்தான். உண்மையில் தலைக்கு இரண்டு டாலர் துண்டு விழும். 0-க்குப் பதிலாக "" என்று போட்டால் அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கும். சராசரி எடுக்கும் AVERAGE அதைத் தாண்டிப் போய்விடும். மாற்றிக் காட்டியதும் 12 வந்தது. கட்டணத்தை எவ்வளவு வைப்பது என்ற விவாதம் அதற்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் நடந்தது, அது வேறு கதை.